சுவெட்டரில் தைத்த ரோஸ் தட்டையாகக் கிடக்குது

"மகளோட சுவெட்டர்ல நடுவுல இருந்து விரியுற அஞ்சு நூல் கால் போட்டு, அதைச் சுத்தி நூல் பின்னி ரோஸ் தச்சேன். பூ தட்டையா இருக்கு, ஓரத்துல கால் தெரியுது. நுவரெலியா."

அக்கா, கால் அஞ்சு சரிதான். ஒற்றைப்படையா இருந்தாத்தான் பின்னுற நூல் ஒவ்வொரு சுற்றுலயும் காலுக்கு மேல், கீழ் மாறி மாறி வரும். நீங்க நூலை ஒவ்வொரு சுற்றும் இழுத்து இறுக்கியிருப்பீங்க. நடுவுல ரெண்டு சுற்று மட்டும் இறுக்குங்க. பிறகு ஒவ்வொரு சுற்றையும் முந்தினதைவிடத் தளர்த்தி, நூல் லேசா வளைஞ்சு நிற்கிற மாதிரி விடுங்க. காலுக்கு மூணு இழை, பின்னுறதுக்கு ஆறு இழை எடுங்க. ஊசியைக் காதுப் பக்கமா விட்டா துணியில குத்தாது. இடம் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் நிறுத்தாதீங்க. கால் நுனி மறையும்வரை சுற்றுங்க. சுவெட்டர் இழுபடும், அதனால பின்னால ஒரு பருத்தித் துண்டு வச்சுத் தைங்க. தையல் வளையத்துல சுவெட்டரை இழுத்து மாட்டினா, கழட்டினதும் கால் தொய்ஞ்சிடும்.