மாத்திரை கொடுத்தால் ஏறுது, நிறுத்தினால் இறங்குது: அப்பாவின் மெக்னீசியம்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. ஏழு வருடமாக காலையில் பான்டோபிரசோல் 40, பிபிக்கு நீர் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு ராத்திரி ஆன்டாசிட் சிரப்பும் குடிப்பார். கெண்டைக்கால் இழுக்குது, விரல் மரத்துப்போகுது என்றதால் ரத்தம் பார்த்தோம். மெக்னீசியம் 1.1, பொட்டாசியம் 3.1, கால்சியம் 7.8, பாஸ்பேட் 2.2. ஏற்கெனவே ஒரு மாதம் மெக்னீசியம் மாத்திரை கொடுத்து 1.5 வரை வந்தது, நிறுத்தியதும் பழையபடி இறங்கிவிட்டது. சாப்பாட்டில் சத்து போதவில்லையா? அசிடிட்டி மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்னீசியம் 1.2க்குக் கீழே, கூடவே பொட்டாசியமும் குறைவு என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இந்த ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் போய் ஒரு ஈசிஜி எடுங்கள். படபடப்பு, மயக்கம், வலிப்பு, பிபி பார்க்கப் பட்டையை இறுக்கும்போது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கை விறைத்துப்போவது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுதான். அங்கே மெக்னீசியத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு உணவில் வரவு குறைந்தால், சிறுநீரகம் மெக்னீசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெறும் சாப்பாட்டுக் குறைவால் 1.1 வரை இறங்குவது அபூர்வம். உங்கள் கடிதத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஏழு வருட மாத்திரையைத்தான். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் என்று 'பிரசோல்' வகை எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. குடல் சுவரில் மெக்னீசியம் உள்ளே வருவதற்கென்று தனி வாசல்கள் இருக்கின்றன, அமிலம் அடங்கிக் குடலின் நிலை மாறும்போது அவை சரியாக வேலை செய்வதில்லை என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இதைப் பற்றி எச்சரித்தபோது சொன்னது உங்கள் வீட்டு அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது: அவர்கள் பார்த்த கேஸ்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பலன் இல்லை, பிரசோலையே நிறுத்த வேண்டியிருந்தது. வாசல் சாத்தியிருக்கும்போது வெளியே எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் உள்ளே போவது கொஞ்சம்தானே.

நீர் மாத்திரையும் கூட்டாளிதான், அது சிறுநீர் வழியாக மெக்னீசியத்தை விரட்டும். யார் பங்கு எவ்வளவு என்று தெரிய, ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் சிறுநீரிலும் மெக்னீசியமும் கிரியேட்டினினும் பார்த்தால் போதும். அதை வைத்து, சிறுநீரகம் வடிகட்டும் மெக்னீசியத்தில் எத்தனை சதவீதம் சிறுநீரில் போகிறது என்று டாக்டர் கணக்கிடுவார். 2க்குக் கீழே வந்தால் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்திருக்கிறது, கசிவு குடல் பக்கம், அதாவது பிரசோல் பக்கம். 4க்கு மேல் என்றால் சிறுநீரில்தான் போகிறது, நீர் மாத்திரையை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். மெக்னீசியம் ஏற்றுவதற்கு முன்பே இந்த சாம்பிளை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏற்றிய பிறகு எடுத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

பொட்டாசியமும் கால்சியமும் ஏன் இறங்கின? மெக்னீசியம் இல்லாவிட்டால் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. கால்சியத்தை ஏற்றிவிடும் பாராதைராய்டு ஹார்மோனும் சுரக்கத் தயங்கும். என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு மூன்று வாரம் பொட்டாசியம் சிரப் கொடுத்தும் 3ஐத் தாண்டவே இல்லை. மெக்னீசியத்தைப் பார்த்து அதைச் சரிசெய்த பிறகு, அதே சிரப், அதே அளவு, நாலே நாளில் 4 வந்தது. அதனால் மெக்னீசியத்தை விட்டுவிட்டு மற்றதைத் துரத்தினால் பலன் இருக்காது.

பாஸ்பேட் 2.2 மட்டும் இந்தக் கதையில் ஒட்டவில்லை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மெக்னீசியக் குறைவால் மட்டும் கால்சியம் இறங்கியிருந்தால் பாஸ்பேட் இறங்காது, கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். பிரசோலும் பொதுவாக அதைக் குறைப்பதில்லை. எனக்கு சந்தேகம் அந்த ராத்திரி சிரப் மேல். பாட்டில் லேபிளைப் படியுங்கள், அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் அது குடலிலேயே பாஸ்பேட்டைக் கட்டிப்பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். தினமும் நிறைய குடிக்கிறவர்கள், கூடவே சரியாகச் சாப்பிடாதவர்கள் என்றால் ரத்தத்தில் இறங்கும். இன்னொன்று வைட்டமின் டி குறைவு, அது கால்சியம், பாஸ்பேட் இரண்டையும் சேர்த்தே இறக்கும், அதனால் டி அளவும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்ப்பது நல்லது. பாஸ்பேட் நேரத்துக்கு நேரம் மாறும், குளுக்கோஸ் டிரிப் ஏறினாலும் இறங்கும். எனவே வெறும் வயிற்றில் காலையில் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2.2 தானாக ஆபத்தான எண் இல்லை, 1க்குக் கீழே போனால்தான் தசை பலவீனம், மூச்சுத் திணறல் என்று பெரிதாகும்.

சரி, நிறுத்தலாமா? எதற்காக ஆரம்பித்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு, இதயத்துக்காக ஆஸ்பிரினும் இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையும், உணவுக்குழாயில் பெரிய புண், இப்படி ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது. என்றோ ஒரு நெஞ்செரிச்சலுக்கு எழுதி யாரும் நிறுத்தச் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பாதிப் பேர் கதை அதுதான், டாக்டரிடம் ஃபாமோடிடினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அந்த வகை மருந்தில் இந்த மெக்னீசியப் பிரச்சினை வருவதில்லை. ஆனால் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்களுக்குக் குழப்பம் வரும்.

நிறுத்திய சில வாரம் நெஞ்சு முன்பைவிட எரியும். அடக்கி வைத்திருந்த அமிலம் பாய்ந்து வருவதுதான் அது, நோய் திரும்பியது என்று நினைத்துப் பழைய மாத்திரையை எடுத்து நீட்டிவிடாதீர்கள். வேறு பெயர் பிரசோலுக்கு மாறுவதும் அதே குழியில்தான் விழும்.

அப்புறம் பழைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சில கேப்சூல்களில் பான்டோபிரசோலோடு டாம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்திருக்கும்போது அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் ஆபத்தைக் கூட்டும். அப்படி இருந்தால் இன்று டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.

மெக்னீசியம் மாத்திரை இப்போதைக்குத் தொடரட்டும், ஆனால் பேதி ஆனால் உடனே சொல்லுங்கள், பேதியிலும் மெக்னீசியம் போகும். சிறுநீரகம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு இது தேங்கிவிடும், கிரியேட்டினின் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பிரசோலை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே அளவு ஏறிவிடும். இரண்டாவது வாரம் பாருங்கள், பிறகு மெக்னீசியம் மாத்திரையையும் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. மாத்திரை இல்லாமலே 1.7க்கு மேல் நின்றால் காரணம் பிரசோல்தான் என்று ஏறக்குறைய உறுதி. அப்போது அப்பாவின் ஃபைலில், அலர்ஜி எழுதும் இடத்திலேயே, 'பிரசோல் வகையால் மெக்னீசியம் இறங்கியது' என்று எழுதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வயிற்றுக்குப் பாதுகாப்பு என்று முதல் நாளே அதைத்தான் எழுதுவார்கள், மறுபடி ஆரம்பித்தால் இரண்டு வாரத்திலேயே திரும்ப இறங்கலாம்.