காய்ச்சல் ஸ்டேட்டஸை 63 பேர் பார்த்தார்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். இன்ஸ்டாவில் 700 ஃபாலோயர்ஸ், வாட்ஸ்அப்பில் ஏழு குரூப். போன மாதம் நாலு நாள் காய்ச்சல். தெர்மாமீட்டரை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். 63 பேர் பார்த்தார்கள், ஒருத்தன்கூட என்னடா ஆச்சு என்று கேட்கவில்லை. நெருக்கமான நண்பன் என்று சொல்ல எனக்கு யாருமே இல்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த ஸ்டேட்டஸைப் பற்றிப் பேசிவிடுவோம். அதைப் பார்த்த 63 பேரில் ஒவ்வொருவனும் 'வேற யாராவது கேட்டிருப்பான்' என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். பொதுவில் போடுவது யாருக்கும் எழுதிய கடிதம் அல்ல. அதையே ஒருவனுக்குத் தனியாக, "டேய், காய்ச்சல்டா. நாளைக்கு கெமிஸ்ட்ரி நோட்டைக் கொண்டுவந்து தர்றியா?" என்று அனுப்பியிருந்தால், பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருவன்தான். சின்ன உதவி கேட்பது அவனுக்குத் தொந்தரவு என்று நினைக்காதே. வீட்டு வாசல்வரை அவன் வருவதற்கு அது ஒரு சாக்கு.

தனிமையில் இரண்டு வகை உண்டு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் பிரித்துக் காட்டினார். சேர்ந்து திரிய ஒரு கூட்டமே இல்லாதது ஒன்று. மனசுவிட்டுப் பேச ஒரு ஆள் இல்லாதது இன்னொன்று. உன்னுடையது இரண்டாவது. கூட்டத்தைப் பெருக்கி அதைத் தீர்க்க முடியாது. எட்டாவது குரூப்பில் சேர்ந்தாலும் இதே கதைதான்.

அதனால் ஒரே ஒருவனைத் தேர்ந்தெடு. கடந்த மூன்று மாத வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பார். ஹோம்வொர்க் கேட்காமல், சும்மா உனக்குத் தனியாக ஏதாவது அனுப்பியவன் யார்? அவர்களில் நீ வாரத்தில் இரண்டு மூன்று நாள் நேரிலும் பார்க்கிறவன் யார்? வகுப்பிலேயே கலகலப்பானவனைத் தேடாதே. அவனைச் சுற்றி ஏற்கெனவே பத்துப் பேர் இருப்பார்கள்.

என்னிடம் வந்த ஒரு மாணவன் இப்படித்தான் டியூஷனில் கூடப் படிக்கும் ஒருவனைப் பிடித்தான். வாரம் மூன்று நாள் டியூஷன் முடிந்து பஸ்ஸுக்குப் போகாமல், அவனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் நடப்பான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஷட்டில். ஆக, வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். மூன்றாவது வாரமே "ஒண்ணும் நடக்கல சார்" என்று வந்து நின்றான். எப்படி நடக்கும்? அப்போது பத்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அறிமுகம் என்ற நிலை சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கணக்கிட்டார். அவர் கேட்டது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களையும் ஊர் மாறிய பெரியவர்களையும்தான், அதனால் உன் வயதுக்கு இது அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் அவசரப்படாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கும் நேரத்தை இதில் பெரிதாகச் சேர்க்காதே. வேலையில்லாமல் சேர்ந்து இருக்கும் நேரம்தான் ஒட்ட வைக்கும். அந்த மாணவனின் கணக்குக்கு 50 மணி நேரம் வரவே பதினாலு வாரத்துக்கு மேல் வேண்டும்.

நேரம் மட்டும் போதாது, பேச்சும் ஆழமாக வேண்டும், அதுவும் படிப்படியாக. "நேத்து டெஸ்ட்ல ரெண்டு கேள்விதான்டா எழுதினேன், வீட்ல இன்னும் சொல்லல" என்ற அளவில் ஆரம்பி. பதிலுக்கு அவனும் தன் கதை ஒன்றைச் சொன்னால் அடுத்த படி ஏறு. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அந்தப் படியிலேயே நில், இன்னொரு நாள் பார்க்கலாம். பலரும் சறுக்குவது இங்கேதான்: மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பத்து நிமிட வாய்ஸ் நோட்டில் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். கேட்பவன் திகைத்துப் போவான். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாது, நமக்கோ அவன் ஒதுங்குவதாகத் தோன்றும்.

அப்படித் தோன்றுவதையும் கவனி. தனிமையில் இருக்கும் மனம் புறக்கணிப்பைத் தேடித் தேடிப் பார்க்கும். ப்ளூ டிக் விழுந்து மூன்று மணி நேரம் பதில் இல்லையென்றால் உடனே 'நம்மைப் பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டாதே. அவன் போனை அவனுடைய அம்மா வாங்கி வைத்திருக்கலாம். பேசாமல் இருந்து யார் கேட்கிறார்கள் என்று சோதிப்பதையும் விடு. பரீட்சை நடப்பதே எழுதுகிறவனுக்குத் தெரியாது. ஆனால் நேராக மூன்று முறை கூப்பிட்டும், சாக்குச் சொன்னானே தவிர வேறொரு நாளை அவன் சொல்லவில்லை என்றால், பட்டியலில் இரண்டாவது பெயருக்குப் போ.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பிடித்த விளையாட்டுகூட வேண்டாம் என்றிருந்தால், இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.