அம்மா சொன்னது பாட்டி, கைப்பேசி எழுதியது பார்ட்டி

கேள்வி: அம்மா கைப்பேசியில் பேசிப் பேசி அனுப்பும் செய்திகளில் வரும் தவறுகளை வைத்து எட்டு நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். வீட்டில் படித்துப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒத்திகையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியில் பதினொரு செய்திகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்பது, கண்ணுக்கு மட்டுமே தெரியும் தவறுகள். பள்ளி என்பது பல்லி என்று வந்தால் தாளில் சிரிப்பு வரும். அதையே ஒரு நடிகர் மேடையில் சொன்னால் மூன்றாவது வரிசைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ல, ள, ழ குழப்பங்களையும் ன, ண குழப்பங்களையும் எடுத்துவிட்டு, காதுக்கே வேறாகக் கேட்கும் இரண்டு தவறுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. "தம்பியைப் பார்த்துக்கொள்" என்பது "பார்த்துக் கொல்" என்று வருகிறதே, அதை விட்டுவிட எனக்கும் மனம் வராது. ஆனால் அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணன் செய்தியைப் பார்த்துத் திகைத்து நிற்கட்டும். தம்பி பின்னால் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கட்டும். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் தன் நாற்காலியை மேடையின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போகட்டும். நாற்காலி நகர்ந்த பிறகுதான் அண்ணன் அந்த இரண்டு எழுத்தையும் அழுத்திப் படிக்க வேண்டும். முன்பே படித்தால் நாற்காலி வீண்.

மற்றொரு பிழை, "சப்ட்டியா" என்பதைப் போன்ற எழுத்துப்பிழைகளை அம்மாவின் செய்திகளில் நிறைய வைத்திருப்பது. பேசி எழுதும்போது பெரும்பாலும் அப்படி வராது. கைப்பேசி தான் கேட்ட ஒலிக்கு நெருக்கமான, அந்த இடத்தில் வழக்கமாக வரக்கூடிய ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே எழுத்து சரியாக இருக்கும், சொல்தான் தவறாக இருக்கும். விரலால் தட்டும்போது நேரும் தவறு வேறு வகை. இரண்டையும் ஒரே அம்மாவிடம் கலக்காதீர்கள்.

உங்கள் பிரதியிலேயே இருக்கும் பாட்டிச் செய்தியை எடுத்துக்கொள்வோம். அம்மா கைப்பேசியை வாயருகே பிடித்து, "இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்ல பாட்டி, சீக்கிரம் வந்துடு" என்கிறார். அதைப் பார்வையாளர் முதலில் தெளிவாகக் கேட்டாக வேண்டும். நீங்கள் நேரே மகன் படிப்பதில் தொடங்கிவிட்டதால்தான் ஒத்திகை சப்பென்று போனது. அடுத்து, கைப்பேசியாக ஒரு நடிகர் நடுவில் நின்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், "இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்ல பார்ட்டி சீக்கிரம் வந்துடு" என்று ஒப்பிக்கட்டும். பிறகு மகனின் முகம். அம்மா தவறைக் கண்டுபிடித்து, "பார்ட்டி இல்லடா, பாட்டி!" என்று திருத்துகிறார். கைப்பேசி, "பார்ட்டி இல்லடா பார்ட்டி" என்கிறது. அம்மா பொறுமை இழந்து, "உங்கப்பாவைப் பெத்த பாட்டி!" என்று கத்த, "உங்கப்பாவைப் பெத்த பார்ட்டி" என்று வரும். பேச்சுப்பதிவை நிறுத்த மறந்து அவர், "அந்த மின்விசிறியை நிறுத்துங்களேன், காதே கேட்கல" என்று அப்பாவிடம் சொல்வதும் அதே செய்தியில் ஒட்டிக்கொண்டு போகலாம்.

மகன் எதிர்த்திசையில் திருத்தும் காட்சி எழுத ஆசை வந்தால் கவனம்: "பாட்டி இல்லை" என்று கைப்பேசி சொல்லிவிட்டால் அரங்கம் அதை மரணச் செய்தியாகத்தான் கேட்கும். அதன்பின் அன்று யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கைப்பேசிக்கு நடிகர் வைக்கச் சொல்வதற்குக் காரணம், செய்தியைத் திரையில் காட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள் என்பதுதான். திரை உண்டு என்று கடைசி நாள் வரை உறுதி சொல்வார்கள். மேடை ஏறும்போது கம்பி பொருந்தவில்லை என்பார்கள். எனக்கு ஒருமுறை அப்படிக் கைவிரித்துவிட்டு, நேரம் மட்டும் மணியடித்துக் கணக்குப் பார்த்தார்கள். அதைவிடக் கொடுமை, போட்டிகளில் நடுவர்களின் தாளில் சமூகக் கருத்துக்கென்று தனி மதிப்பெண் இருப்பது. அதற்காகவே நல்ல நாடகங்களின் வாலில் பெற்றோரை மதியுங்கள் என்று ஒரு சொற்பொழிவைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்த மதிப்பெண் போகட்டும் என்று விடுங்கள்.

பிரதியைச் செப்பனிட்டு, மேடையும் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை அருகில் சேர்க்காதீர்கள். அவர்கள் சேர்ப்பது, ஊரெல்லாம் பகிரப்பட்டுப் புளித்துப்போன செய்திகளை. உங்கள் அம்மா ஒரு வாரம் அனுப்பியதைத் தேதியோடு எழுதிவைத்தாலே அதைவிட நல்ல சரக்கு கிடைக்கும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

சிரிப்பு கைப்பேசியின் மேல் விழ வேண்டும், அம்மாவின் மேல் விழக் கூடாது. மகன் அவரைக் கேலி செய்யும் நான்கு வரிகளை நான் அடித்துவிட்டேன். முடிவுக்கு என் யோசனை இது: மகனின் நண்பர்கள் பளபளக்கும் உடையில் வந்து நிற்கிறார்கள், நடுவில் பாட்டி. வராத நண்பன் ஒருவனுக்காகப் பாட்டியே கைப்பேசியை வாங்கி, "பார்ட்டி ஆரம்பிச்சாச்சு, வாடா!" என்கிறார். கைப்பேசி ஒரு மூச்சு விட்டு, "பாட்டி ஆரம்பிச்சாச்சு வாடா" என்று ஒப்பிக்கிறது. அங்கேயே விளக்கை அணைத்துவிடுங்கள்.