எடுத்த சீட்டா, எடுக்காத சீட்டா என்று கேளுங்கள்

கேள்வி: காதலித்து, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டோம். அவருடைய கடன், சேமிப்பு பற்றிக் கல்யாணத்துக்கு முன் எப்படிக் கேட்பது? தப்பாக நினைக்க மாட்டாரா?

முதலில் உங்களுடையதைக் காட்டுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். கல்விக் கடனில் பாக்கி எவ்வளவு, நகைச்சீட்டுக்கு எவ்வளவு கட்டுகிறேன், அம்மாவுக்கு மாதம் 10,000 அனுப்புவது கல்யாணத்துக்குப் பிறகும் தொடரும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். "என்ன, இன்டர்வியூ மாதிரி இருக்கு?" என்று சிரித்தாலும் அவரும் எழுதினார். சம்பளத்தைப் பார்த்துக் காதலித்தவள் என்று கீழே கருத்து போட வருபவர்களுக்கு ஒரு தகவல்: அப்போது அவரைவிட எனக்குத்தான் சம்பளம் அதிகம்.

அவர் கையில் வாங்குவது 58,000. வீட்டுக்கு 15,000, அறை வாடகையும் சாப்பாடும் 14,000, பைக் தவணை 4,500. சேமிப்பு என்ற தலைப்பில் "சீட்டு, மாதம் சுமார் 8,000" என்று எழுதியிருந்தார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சும்மா கேட்டேன்: "எடுத்தாச்சா, இன்னும் எடுக்கலையா?"

எடுத்தாச்சாம். அலுவலகத்தில் ஒருவர் நடத்தும் 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம். தங்கை கல்யாணத்துக்காக ஐந்தாம் மாதமே 50,000 தள்ளி எடுத்திருக்கிறார். கைக்கு வந்தது ஒன்றரை லட்சம். அந்த 50,000-இல் சீட்டு நடத்துபவர் கமிஷன் 10,000 போக, மீதியை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 2,000. அதனால் அந்த மாதம் 10,000-க்குப் பதில் 8,000 கட்டினால் போதும். அவர் மனதில் தங்கியது அந்த 8,000 தான். ஆனால் போகப் போக ஏலத்தில் தள்ளும் தொகை குறையும், கட்ட வேண்டியது 10,000-ஐ நோக்கி ஏறும். நாங்கள் பேசியபோது இன்னும் பத்து மாதம் பாக்கி. கிட்டத்தட்ட 90,000 ரூபாய் கடன், சேமிப்பு என்ற தலைப்பின் கீழே உட்கார்ந்திருந்தது.

அவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் சீட்டு கட்டுவது என்றாலே பொறுப்பானவர் என்று அர்த்தம். எடுக்கும் வரைதான் அது சேமிப்பு, எடுத்த பிறகு மாதத் தவணை. இப்படித் தெரிந்தவர்களுக்குள் பதிவில்லாமல் நடக்கும் சீட்டு சிபில் அறிக்கையில் வராது. அதனால் ஸ்கோர் 780 என்று காட்டினால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று மாத வங்கிக் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே தேதியில், அதே ஆளுக்கு, கொஞ்சம் கூடக் குறைய ஒரு தொகை போனால் அது பெரும்பாலும் சீட்டுதான். தொகை மாறாமல் போனால் கைமாற்று வட்டியாக இருக்கலாம்.

சிபில் அறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகவே எடுக்கலாம். அதில் ஸ்கோரைவிட, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். மச்சான் வாங்கிய கடனாக இருந்தாலும், அவர் கட்டாவிட்டால் வங்கி ஜாமீன்தாரரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம்.

கணக்கு வெளியே வந்ததும் கல்யாணத் தேதியை ஒன்றும் தள்ளவில்லை. அந்தச் சீட்டு முடியும் வரை வேறு சீட்டு சேருவதில்லை, 5,000-க்கு மேல் எதுவானாலும் முதலில் மற்றவரிடம் சொல்வது, இரண்டு வீட்டுக்கும் அனுப்பும் தொகையில் கைவைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். ரிசப்ஷனையும் சின்ன மண்டபத்துக்கு மாற்றினோம். அந்த மண்டபக்காரர் முழு வாடகையையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பாதித் தொகைக்குத்தான் பில் கொடுத்தார். சுத்தம் செய்ய என்று தனியாக 6,000 வாங்கினார், மறுநாள் காலை கூட்டிப் பெருக்கியது எங்கள் சித்தப்பா. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: "அடகில் ஏதாவது இருக்கா?" வங்கி நகைக்கடன் சிபிலில் தெரியும், தெருமுனை அடகுக் கடைச் சீட்டு தெரியாது. அது பெரும்பாலும் அம்மாவின் நகையாக இருக்கும், மீட்பது மகன் பொறுப்பு என்று வீட்டில் பேசாமலே முடிவாகியிருக்கும். நான் கேட்டபோது மாமியாரின் இரண்டு பவுன் செயின் வெளியே வந்தது. வட்டி மட்டும் கட்டிவருகிறோம். ஏப்ரலில் இன்கிரிமென்ட் வந்ததும் மீட்கலாம் என்று இருக்கிறோம்.