தாமரை இலைபோல் தண்ணீர் ஒட்டாத துணிப்பை: இலையிடம் எதைக் கற்பது?

"திருப்பூரில் காட்டன் பை தைத்து விற்கிறேன். மழைத்தண்ணி, காய்கறிச் சேறு பட்டால் பை சீக்கிரம் அழுக்காகிறது என்று வாங்குபவர்கள் சொல்கிறார்கள். தாமரை இலை மாதிரி ஒரு பை செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

ஓரளவுக்கு முடியும். அந்த 'ஓரளவு' எதுவரை என்பதை இலையே காட்டிவிடும். தாமரை கிடைக்காவிட்டால் சேம்பு இலை போதும், அதிலும் இதே வேலைதான் நடக்கிறது.

புது இலை ஒன்றைச் சாய்வாகப் பிடித்து, மேலே கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தூவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துபோல் உருண்டு ஓடும். போகும் வழியில் இருந்த தூளையும் வாரிக்கொண்டு போகும். அடுத்து, இலையின் ஒரு மூலையை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு அங்கே ஒரு சொட்டு விடுங்கள். இப்போது தண்ணீர் ஒட்டும். கடைசியாக, தேய்க்காத இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது உருளாமல் பரவும். உங்கள் பைக்கு வரப்போகிற சிக்கல்கள் பெரும்பாலும் இந்தச் சோதனைகளிலேயே தெரிந்துவிடும்.

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். வழவழப்பான இலைகளைக் கழுவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சொரசொரப்பான சில இலைகளோ எப்போதும் சுத்தமாகவே இருந்தன. தாமரை இலை முழுக்க, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிடப் பல மடங்கு நுண்ணிய மெழுகுத் துகள்கள். சொட்டு அந்த நுனிகளின் மேல்தான் உட்காருகிறது, அடியில் காற்று. தூசியும் நுனிகளில்தான் தங்குவதால் இலையோடு அதற்குப் பிடிப்பு இல்லை, தண்ணீரோடு போய்விடுகிறது. அவரும் அவருடன் ஆய்வு செய்த தாவரவியலாளர் நைன்ஹுயிஸும் 1997-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். 1999-இல் இந்த முறையில் கட்டடங்களின் வெளிச்சுவருக்கான பெயின்ட் விற்பனைக்கு வந்தது.

ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: மேடுபள்ளம், அதன்மேல் தண்ணீரை விரும்பாத மெல்லிய பூச்சு. முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நூல் ஒரு மேடு, அதிலுள்ள ஒவ்வொரு இழையும் இன்னொரு சின்ன மேடு. பூச்சு தடித்து இந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் துணி ரெக்சின் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் அழுக்கு உருண்டும் போகாது. பிளாஸ்டிக் கோட்டிங் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபினிஷிங் யூனிட்டில் 'வாட்டர் ரிப்பெல்லென்ட் ஃபினிஷ்' என்று கேளுங்கள். துணியை மருந்தில் முக்கி, பிழிந்து, உலர்த்தி, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் மருந்தை இழையில் பிடிக்கச் செய்வார்கள், அதுதான் கியூரிங். சரியான சூடும் நேரமும் அந்த மருந்தின் குறிப்பில் இருக்கும். ஃப்ளோரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். ஃப்ளோரின் வகை எண்ணெயையும் விரட்டும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. காய்கறி சுமக்கும் பைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஈடாக, எண்ணெய்க் கறை படியும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு மீட்டர் மட்டும் செய்து வாங்குங்கள். எம்ப்ராய்டரி வளையத்தில் துணியை இழுத்து மாட்டி, 45 டிகிரி சாய்த்து வைத்து, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பூவாளி முனை வழியே 250 மில்லி தண்ணீரை ஊற்றுங்கள். வளையத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் பாருங்கள். ஈரத் திட்டு இல்லையென்றால் நல்லது. பிறகு சாக்பீஸ் தூள் சோதனை. சொட்டு உருண்டையாக நின்றும் துணியைச் சாய்க்கும்போது நகராமல் ஒட்டிக்கொண்டால் அது தாமரை இலை அல்ல, ரோஜா இதழ். ரோஜா இதழிலும் சொட்டு முத்தாகத்தான் நிற்கும், தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. அப்படிப்பட்ட துணி அழுக்கை விடாது.

அதே துண்டை ஐந்து முறை துவைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். நான் முதலில் செய்த துணி ஒரே துவைப்பில் தோற்றது. மருந்து போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையில் இழையில் டிடர்ஜென்ட் தங்கியிருந்தது, சோப்புச் சொட்டு இலையில் பரவிய அதே கதைதான். நன்றாக அலசி, உலர்த்தி, சூடான இஸ்திரி போட்டதும் பெருமளவு மீண்டது. பையோடு தரும் சீட்டில் இதை எழுதுங்கள். அந்தத் துணியில் தைத்த பையில் தோளில் உரசும் வார் மட்டும் மீளவில்லை. இலை தேய்ந்த மெழுகைத் தானே மறுபடி சுரந்துகொள்ளும், துணியால் அது முடியாது. அதனால் வாரைச் சாதாரணத் துணியிலேயே தைத்து, பையின் உடலுக்கு மட்டும் ஃபினிஷ் கொடுங்கள், செலவும் குறையும். அடித் தையலை மறக்க வேண்டாம். ஊசி ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், ஆகவே அடிப்பக்கத்தில் தையல் வராதபடி ஒரே துண்டாக வெட்டி மடியுங்கள்.