நிஃப்டி சொன்ன இடத்திலேயே நிற்கிறது, பட்டர்ஃப்ளை லாபம் எங்கே?

கேள்வி: நிஃப்டி அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரியில் 25,000-ஐ ஒட்டியே முடியும் என்று நினைத்து, புதன்கிழமை மாலை ஒரு பட்டர்ஃப்ளை போட்டேன். 24,800 கால் ஆப்ஷன் ஒரு லாட் 260 ரூபாய்க்கு வாங்கினேன். 25,000 கால் இரண்டு லாட் 138-க்கு விற்றேன். 25,200 கால் ஒரு லாட் 61-க்கு வாங்கினேன். கையிலிருந்து போனது 45 புள்ளி, 65 எண்ணிக்கை கொண்ட லாட்டுக்கு 2,925 ரூபாய். வெள்ளிக்கிழமை முடிவிலும் நிஃப்டி சரியாக 25,000-ல்தான் இருக்கிறது. ஆப்பில் வரும் லாப நஷ்டப் படத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் லாபம் காட்டுகிறது, ஆனால் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம்தான். நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? செவ்வாய் கடைசி நிமிடம் வரை வைத்திருக்கலாமா? இதையே ஒரு வங்கிப் பங்கிலும் செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தவறு ஒன்றும் இல்லை. நீங்கள் பார்த்த கூரான முக்கோணப் படம் செவ்வாய் மாலைக்கு உரியது. வெள்ளிக்கிழமைக்கான கோடு அதற்குக் கீழே தட்டையாக ஒரு மேடு போல இருக்கும். பல ஆப்களில் அதைத் தனி நிறத்தில் காட்டுவார்கள், யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் விலைகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் வாங்கிய அன்று 25,000 காலும் புட்டும் தலா 138 என்றால், நிஃப்டி நாளொன்றுக்குச் சராசரியாக 0.7 சதவீதம் அளவுக்கு ஆடும் என்று சந்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு மாறாமல், நிஃப்டியும் 25,000-லேயே அசையாமல் நின்றால், உங்கள் 45 புள்ளி வெள்ளி மாலையில் ஏறத்தாழ 62 ஆகும். திங்கள் மாலையில் 83. செவ்வாய் நண்பகலில் 120 வாக்கில் இருக்கலாம். மிச்சம் எல்லாம் கடைசி மூன்றரை மணி நேரத்தில்தான். அதாவது உச்ச லாபமான 155 புள்ளியில் திங்கள் மாலை வரை வருவது 38, செவ்வாய் ஒரே நாளில் வர வேண்டியது 117. உங்கள் கணக்கில் இப்போது தெரியும் ஆயிரத்துச் சொச்சம் அந்த 17 புள்ளிதான்.

ஏன் இப்படி? நீங்கள் விற்றிருக்கும் இரண்டு 25,000 கால்களில் காலமதிப்பு, அதாவது எக்ஸ்பைரிக்குள் விலை நகரக்கூடும் என்பதற்கான மதிப்பு, இன்னும் நிறைய இருக்கிறது. இரண்டு வர்த்தக நாள் மீதமிருக்கும்போது நிஃப்டி 245 புள்ளி இப்படியோ அப்படியோ போவது சாதாரணம். உங்கள் மொத்த வட்டமே இருபுறமும் 200 புள்ளிதான். இன்று சரியான இடத்தில் நிற்பதற்குச் சந்தை பெரிதாகக் காசு தராது. செவ்வாய் மாலை அங்கே நிற்பதற்குத்தான் தரும்.

அப்புறம், அந்த 45 என்ற விலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 200 புள்ளி வரை தரக்கூடிய ஒன்றை 45-க்குக் கொடுக்கிறார்கள் என்றால் அது மலிவு இல்லை. எக்ஸ்பைரியில் 25,000-லிருந்து நிஃப்டி விலகும் ஒவ்வொரு புள்ளிக்கும் உங்களுக்கு ஒரு புள்ளி குறையும். 25,060-ல் முடிந்தால் கைக்கு வருவது 140. 24,900-ல் முடிந்தால் 100. 25,155-லோ 24,845-லோ முடிந்தால் போட்ட பணம் மட்டும் திரும்பும். 25,200-ஐத் தாண்டினாலும் 24,800-க்குக் கீழே போனாலும் பூஜ்யம். நீங்கள் வாங்கிய நேரத்தில் 24,845-க்கும் 25,155-க்கும் இடையில் முடிவதற்குச் சந்தை கொடுத்த வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மூன்றில் இரண்டு முறை நஷ்டம், அதில் பெரும்பாலும் முழு 45-ம் போகும் என்பதும் சேர்ந்துதான் அந்த விலை. எனவே உங்கள் கணிப்பு சந்தையின் கணிப்பைவிட மேலாக இருந்தால் மட்டுமே இதில் வாடிக்கையாகப் பணம் மிஞ்சும். 25,000-ல் ஓப்பன் இன்ட்ரெஸ்ட், அதாவது இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்கள், குவிந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பி இறங்கியிருந்தால், அது போதாது. 25,000 போன்ற முழு ஆயிரம் ஸ்ட்ரைக் விலைகளில் எப்போதுமே கூட்டம் இருக்கும். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற விஷயம் விலைக்குள் ஏற்கெனவே வந்திருக்கும்.

இருபுறமும் வாங்கும் கால்கள்தான் இறக்கைகள். அவை நடு விலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், அதாவது இறக்கையின் அகலத்தை எப்படி முடிவு செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் கை வைக்க இடம் இருக்கிறது. அன்றைய 25,000 கால், புட் இரண்டின் விலையையும் கூட்டுங்கள். உங்கள் விஷயத்தில் 276. எக்ஸ்பைரிக்குள் நிஃப்டி சராசரியாக எவ்வளவு விலகும் என்று சந்தை நினைக்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் இந்தத் தொகை. நீங்கள் எடுத்த 200 அதைவிடக் குறுகலானது. 24,700, 25,000, 25,300 என்று எடுத்திருந்தால் சுமார் 98 புள்ளி செலவாகியிருக்கும். உச்ச லாபம் 202 புள்ளி. லாபம் தரும் பகுதி இருபுறமும் 202 புள்ளி வரை விரிந்திருக்கும், வாய்ப்பும் 44 சதவீதம் வாக்கில் இருந்திருக்கும். போட்ட பணத்துக்கு மூன்று மடங்குக்கும் மேல் என்ற கவர்ச்சி இரண்டு மடங்காகக் குறையும். ‘25,000 அருகில்’ என்று சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது 50 புள்ளியா, 200 புள்ளியா என்று முதலில் தீர்மானியுங்கள். 200 என்றால் நீங்கள் எடுத்த அகலம் உங்கள் கருத்துக்கே குறுகல்.

இனி, 2,925 ரூபாய் இருந்தால் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பாதி உண்மை. அதிகபட்ச நஷ்டம் அவ்வளவுதான், ஆனால் தரகர் பிணையாகப் பிடித்து வைக்கும் மார்ஜின் அப்படி இல்லை. விற்ற இரண்டு லாட்டின் ஒப்பந்த மதிப்பு 25,000 பெருக்கல் 130, அதாவது 32.5 லட்சம். அன்றைக்கே முடியும் இண்டெக்ஸ் ஆப்ஷன்களை விற்று வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்பைரி நாளில் கூடுதலாக 2 சதவீத மார்ஜின் என்று செபி 2024-ல் கொண்டுவந்த விதி இருக்கிறது. உங்களுக்கு அது மட்டும் 65,000 ரூபாய், ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் மார்ஜினுக்கு மேல். செவ்வாய் காலை கணக்கில் அது இல்லாவிட்டால், லாபம் பழுக்க வேண்டிய நாளிலேயே தரகர் நிறுவனம் உங்கள் நிலையைக் கலைக்க நேரலாம். திங்களன்றே தரகரின் மார்ஜின் கால்குலேட்டரில் பார்த்துவிடுங்கள். லாப விகிதத்தையும் 2,925-ஐ வைத்துக் கணக்கிடாமல், முடங்கிக் கிடக்கும் இந்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். படம் ரொம்பவே மாறும்.

சரி, கடைசி நிமிடம் வரை வைத்திருக்கலாமா? நான் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். செவ்வாய் மதியம் 2 மணிக்கு நிஃப்டி 25,000-ல் இருந்தால் உங்கள் பட்டர்ஃப்ளை 140 சொச்சத்துக்கு விலைபோகலாம். மீதி 55 புள்ளி காத்திருப்பதற்கான கூலி மாதிரி தெரியும். உண்மையில், அதற்குள் நிஃப்டி இன்னும் சுமார் 55 புள்ளி விலகக்கூடும் என்ற எதிர்பார்ப்பின் விலை அது. காத்திருந்தால் சராசரியாக அதே 140 சொச்சம்தான் கிடைக்கும், கூடவே ஒரே வீச்சில் 100 புள்ளி இழக்கும் அபாயமும் வரும். வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கு முடிவது 3.30-க்குத் திரையில் தெரியும் கடைசி எண்ணில் அல்ல. குறியீட்டுப் பங்குகளின் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியில் வரும் இறுதி மதிப்பில்தான் முடியும். 3.25-க்கு நடக்கும் திடீர்த் தாவல் அந்தச் சராசரியைப் பெரிதாக அசைக்காது. ஆனால் 3 மணிக்கே நகர்ந்துவிட்டால், கடைசி நிமிடத்தில் 25,000-க்குத் திரும்பினாலும் பயன் குறைவு.

வெளியே வரும்போது வரிசை முக்கியம். முதலில் விற்ற இரண்டு 25,000 கால்களைத் திரும்ப வாங்குங்கள், பிறகு இறக்கைகளை விற்கலாம். மாற்றிச் செய்தால் நடுவில் சில விநாடிகள் பாதுகாப்பில்லாத விற்பனை மட்டும் கையில் நிற்கும், மார்ஜின் எகிறும். உள்ளே போகும்போது இதற்கு நேர் எதிர்: இறக்கைகளை முதலில் வாங்க வேண்டும். செலவையும் மறக்க வேண்டாம். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் தரகரிடம் போக வர ஆறு ஆர்டர், ஜி.எஸ்.டி., எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் என எல்லாம் சேர்ந்து 200 முதல் 250 ரூபாய், ஏறக்குறைய 3 அல்லது 4 புள்ளி. லாபத்தில் ஆழமாகப் போன கால்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதால் அதிலும் கொஞ்சம் கழியும். இதனாலேயே 24,800 கால் வாங்குவதற்குப் பதில் 24,800 புட் வாங்கி, 25,000-ல் ஒரு காலும் ஒரு புட்டும் விற்று, 25,200 கால் வாங்கும் அயர்ன் பட்டர்ஃப்ளையைப் பலர் எடுக்கிறார்கள். அதில் 155 புள்ளி கைக்கு வரும், அதிகபட்ச நஷ்டம் அதே 45. முதலில் காசு வருகிறது என்பதால் அதை ‘வருமான உத்தி’ என்று விற்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே பண்டம்தான்.

இன்னொரு சின்ன ஓட்டை: நிஃப்டி 25,600 போன்ற இடத்தில் முடிந்தால் உங்கள் 24,800, 25,200 கால்கள் இரண்டும் லாபத்தில் முடிந்ததாகக் கணக்காகி, அந்த உள்மதிப்பின் மேல் எஸ்.டி.டி. பிடிப்பார்கள். விற்ற கால்கள் அந்த லாபத்தை முழுதாகத் தின்றிருந்தாலும் வரி வரிதான். ஆகவே அதிகபட்ச நஷ்டம் 2,925-ஐச் சற்றுத் தாண்டும்.

வங்கிப் பங்கில் இதைச் செய்யலாம், ஆனால் எக்ஸ்பைரி வரை கொண்டுபோக வேண்டாம். நிஃப்டியில் கணக்கு பணமாகத் தீரும். பங்கு ஆப்ஷன்களில் 2019 அக்டோபர் முதல் பங்காகவே கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பங்கு விலை உங்கள் நடு ஸ்ட்ரைக்குக்கு ஒரு ரூபாய் கீழே முடிந்தால், கீழ் இறக்கைக் கால் மட்டும் உயிரோடு இருக்கும். விற்ற கால்கள் காலாவதியாகிவிடும். ஒரு லாட் பங்கை முழு விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், அது பல லட்சம். நடு ஸ்ட்ரைக்குக்கு ஒரு ரூபாய் மேலே முடிந்தால், ஒரு லாட் வாங்கவும் இரண்டு லாட் கொடுக்கவும் கடமை வரும். நீங்கள் ஆசைப்படும் அதே இடத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம். அதோடு எக்ஸ்பைரி நெருங்கும் நாட்களில் லாபத்தில் இருக்கும் வாங்கிய ஆப்ஷன்களுக்கும் டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏறும். எக்ஸ்பைரிக்கு முந்தைய நாளுக்குள் நான்கு லாட்டையும் கலைத்துவிட வேண்டும். அப்படி முன்கூட்டியே கலைத்தால் மேலே சொன்ன 83 போன்ற விலையில்தான் வெளியே வருவீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.