சப்போர்ட் 1,400-இல் இருந்தால் புட் எந்த ஸ்ட்ரைக்கில் வாங்குவது?

கேள்வி: சார், ஒரு கம்பெனியின் 1,000 பங்குகள் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன், சராசரி விலை 620. இப்போது 1,480. விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் ரிசல்ட் வருகிறது, பயமாக இருக்கிறது. வீக்லி சார்ட்டில் 1,390-1,410 பகுதியில் மூன்று முறை திரும்பியிருக்கிறது, ஒரு முறை மட்டும் 1,384 வரை போய் மேலே வந்தது. ஐந்து வாரம் தள்ளி எக்ஸ்பைரி ஆகும் புட் விலைகள்: 1,480-க்கு 44, 1,400-க்கு 16, 1,380-க்கு 12, 1,360-க்கு 9. ஒரு லாட் 400 பங்குகள். சப்போர்ட் 1,400 என்பதால் 1,400 புட் வாங்கலாமா?

பதில்: புட் என்பது எக்ஸ்பைரி வரை, அதாவது அது காலாவதியாகும் நாள் வரை, குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை; அந்த விலைதான் ஸ்ட்ரைக், உரிமைக்குக் கொடுக்கும் காசு பிரீமியம். 1,400 தப்பில்லை. ஆனால் உங்கள் நிலைமையில் நான் 1,380-ஐத்தான் எடுப்பேன்.

முதலில் சார்ட்டை ஓரமாக வையுங்கள். அதிகபட்சம் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு பங்கை விற்காமல் இருப்பீர்கள் என்று ஒரு எண் சொல்லுங்கள். கார் இன்ஷூரன்ஸில் முதல் சில ஆயிரம் நம் கையிலிருந்து போகும் அல்லவா, அதே கணக்குதான். 1,480 புட் வாங்கினால் பங்கு எவ்வளவு விழுந்தாலும் உங்கள் நஷ்டம் பங்குக்கு 44 ரூபாயோடு நின்றுவிடும், அதாவது 3 சதவீதம். 1,400 என்றால் 80 ரூபாய் வீழ்ச்சியும் பிரீமியம் 16-ம் சேர்ந்து 96, ஆறரை சதவீதம். 1,380-இல் 112, ஏழரைக்குக் கொஞ்சம் மேல். 1,360-இல் 129, ஒன்பதை நெருங்குகிறது. ஆறு வருடம் வைத்திருப்பவர் ஏழெட்டு சதவீத ஆட்டத்தைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், அதற்குப் போய் 44 ரூபாய் கொடுப்பது வீண். ‘இல்லை சார், 3 சதவீதத்துக்கு மேல் தாங்காது’ என்றால் சப்போர்ட் பேச்சே வேண்டாம், பாதிப் பங்கை விற்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, ஏழெட்டு சதவீதம் தாங்கும் என்றால் இப்போது சார்ட்டுக்கு வேலை வருகிறது. சப்போர்ட் என்பது கோடு அல்ல, ஒரு பட்டை. உங்கள் பட்டை 1,384-இலிருந்து 1,410 வரை. பங்கு அதற்குள் வந்து ஒன்றிரண்டு வாரம் உட்கார்ந்திருப்பது சகஜம். 1,400 ஸ்ட்ரைக் அந்தப் பட்டையின் நடுவிலேயே இருக்கிறது. பட்டை தாங்கும் என்று நம்புகிறீர்கள் என்றால், அது தாங்காமல் போகிற இடத்திலிருந்துதான் பாதுகாப்பு வேண்டும், அதாவது 1,384-க்குக் கீழே கிடைக்கும் முதல் ஸ்ட்ரைக். அதுதான் 1,380.

பணத்தில் பார்த்தால் 1,400-க்கும் 1,380-க்கும் இரண்டு லாட்டுக்கு, அதாவது 800 பங்குக்கு, 3,200 ரூபாய்தான் வித்தியாசம். பங்கு 1,400-க்கு மேலேயே முடிந்தால் அந்த 3,200 உங்களுக்கு மிச்சம். 1,380-க்குக் கீழே போய் முடிந்தால் 1,400 வைத்திருந்தவர் 12,800 கூடுதலாகப் பார்த்திருப்பார். அப்படியானால் 1,400-தானே மேல் என்று தோன்றும். எனக்கு இடிப்பது வேறு இடத்தில்.

நம் சந்தையில் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் டெலிவரிதான். எக்ஸ்பைரி அன்று பங்கு 1,392-இல் முடிந்தது, உங்கள் 1,400 புட் இன்னும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். எட்டு ரூபாய் லாபம் என்று பணம் வந்து சேராது, உங்கள் டிமேட்டிலிருந்து 800 பங்குகள் 1,400 விலையில் போய்விடும். விற்கவே மாட்டேன் என்றவர் விற்றாகிவிட்டது. சராசரி 620 என்று எடுத்தாலும் பங்குக்கு 780 லாபம், மொத்தம் 6,24,000. அதில் 1,25,000 கழித்து மீதிக்கு 12.5 சதவீத வரி, செஸ்ஸோடு ஏறக்குறைய 65,000 ரூபாய். எட்டு ரூபாய் லாபத்துக்காக இதெல்லாம். பங்கு வழக்கமாக வந்து நிற்கிற இடத்திலேயே ஸ்ட்ரைக்கை வைத்தால் இந்த வம்பு வர வாய்ப்பு அதிகம், 1,380-இல் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. எந்த ஸ்ட்ரைக் வாங்கினாலும் எக்ஸ்பைரிக்கு நான்கைந்து வர்த்தக நாட்கள் முன்பே புட்டை விற்றுவிடுங்கள். கடைசி நாட்களில் லாபத்தில் இருக்கும் ஆப்ஷனுக்கு புரோக்கர் டெலிவரி மார்ஜின் வேறு கேட்க ஆரம்பிப்பார்.

1,360 ஏன் வேண்டாம்? 1,380-ஐ விட மூன்று ரூபாய் மிச்சம், ஆனால் இருபது ரூபாய் பாதுகாப்பு போகிறது. அந்த இடத்தில் சார்ட்டிலும் எதுவும் இல்லை. கீழே எங்கோ 1,200-இல் பழைய சப்போர்ட் இருக்கிறது, அங்கே புட் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று சிலர் வாங்குவார்கள். 1,480-இலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் 280 ரூபாய் உங்கள் தலையில்தான்.

இன்னொரு விஷயம், சப்போர்ட் எல்லா வீழ்ச்சியையும் தாங்காது. மெதுவாக இறங்கி வரும்போது 1,400-இல் வாங்க ஆள் வருவார்கள். ரிசல்ட் மோசமாகி மறுநாள் காலை 1,330-இல் திறந்தால் பட்டையில் ஒரு வர்த்தகம்கூட நடக்காது. 1,380-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் அது 1,330-க்குத்தான் விற்கும், லிமிட் போட்டிருந்தால் விற்கவே விற்காது. புட் அந்த நேரத்திலும் 1,380-ஐப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் விஷயத்தில் புட்டுக்குக் காசு கொடுப்பதே இந்த ஒரு காலைக்காகத்தான்.

இடையில் ஒரு சபலம் வரும். இரண்டு வாரத்தில் பங்கு 1,400-ஐத் தொட்டால் 12 ரூபாய் புட் இருபதைத் தாண்டி நிற்கும். ‘சப்போர்ட் வந்துவிட்டது, இனி ஏறும், புட்டை விற்று லாபம் பார்ப்போம்’ என்று கை துறுதுறுக்கும். ரிசல்ட் முடியும் வரை விற்காதீர்கள். சப்போர்ட் தாங்குமா உடையுமா என்று தெரியாத அந்த இடத்தில்தான் புட் தேவை. ரிசல்ட் வந்து பங்கு தப்பித்துவிட்டால் பிரீமியம் சட்டென்று வற்றும், மிஞ்சியதை விற்று வெளியே வாருங்கள். உடைந்துவிட்டால், தினசரி முடிவு விலை 1,384-க்குக் கீழே நின்றால், புட் லாபத்தை எடுத்துக்கொண்டு பங்கைத் தொடரலாம், அல்லது கம்பெனியின் கதையே மாறிவிட்டது என்றால் பங்கையும் சேர்த்து யோசிக்கலாம்.

இரண்டு லாட் மட்டும் வாங்குங்கள். 200 பங்கு வெளியே நிற்கும், நிற்கட்டும். மூன்றாவது லாட் வாங்கி அது டெலிவரிக்குப் போனால் கொடுக்க 200 பங்கு குறையும், ஏலத்தில் போய் நிற்கும்.

மொத்தச் செலவு 9,600. இதை மாதாமாதம் செய்யும் யோசனை வேண்டாம், வருடத்துக்குப் பங்கு மதிப்பில் எட்டு, ஒன்பது சதவீதம் பிரீமியமாகவே கரைந்துவிடும். ரிசல்ட் மாதிரியான காலத்துக்கு மட்டும் போதும். அதையும் இன்றே வாங்கிவிடுங்கள், ரிசல்ட் நெருங்க நெருங்க எல்லாரும் புட் தேடுவார்கள், விலை ஏறும். லிமிட் ஆர்டர்தான் போட வேண்டும். அடுத்த மாத ஆப்ஷன்களில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இரண்டு, மூன்று ரூபாய் இடைவெளி இருக்கும், 12 ரூபாய்ப் பொருளுக்கு அது பெரிய தொகை.

சம்பளக்காரர் என்றால் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆப்ஷன் லாப நஷ்டம் தொழில் வருமானத்தில் வரும், இந்த ஒரு புட்டுக்காக ஐ.டி.ஆர்-3 படிவம் போட வேண்டியிருக்கும்.